குண்டு மிளகாய் பொரிக்கும்போது நெடி, கசப்பு: கேள்வி பதில்

அக்கா, தயிர் சாதத்துக்குக் குண்டு மிளகாய் பொரிச்சா வெளியே கருகுது, உள்ளே சவசவன்னு இருக்கு. எண்ணெய் நல்லா காயணும்தானே?

காயணும்தான், ஆனா புகையற அளவுக்கு இல்லை. ராமநாதபுரம் குண்டுக்குத் தோல் தடிமன். சூடு உள்ளே போறதுக்குள்ள வெளியே கருகிடும், அந்தக் கருகல்தான் கசப்பு. இருபது மிளகாய்க்கு ஒரு டம்ளர் கடலை எண்ணெய் ஊத்தி, மிதமான தீயில வைங்க. ஒரே ஒரு மிளகாயைப் போட்டுப் பாருங்க. சுத்தி சின்னக் குமிழி நிதானமா வந்தா சரி. போட்ட உடனே சீறிக் கறுத்தா அடுப்பை அணைச்சு ரெண்டு நிமிஷம் பொறுங்க.

பத்துப் பத்தாப் போட்டுப் புரட்டிக்கிட்டே இருங்க. குமிழி அடங்கினா ஈரம் போயிடுச்சுன்னு அர்த்தம். சிவப்பு கொஞ்சம் கருஞ்சிவப்பா திரும்பும்போதே கண் கரண்டியில அள்ளிடணும். வெளியே எடுத்தப்புறமும் அதோட சூட்டிலேயே இன்னும் ஒரு படி நிறம் ஏறும். அப்போ தொட்டா மெத்துன்னுதான் இருக்கும். ஆறினாத்தான் மொறுமொறுன்னு ஆகும். மொறுமொறுப்பு வரட்டும்னு எண்ணெயிலேயே விட்டுத்தான் நான் பல தடவை கெடுத்திருக்கேன்.

நாங்க இருக்கறது சின்ன ஃப்ளாட். பொரிச்சா குழந்தை இருமியே களைச்சுப் போறான். ஜன்னலைத் திறந்தும் போகலை.

காம்பைக் கிள்ளிட்டுப் போடறீங்களா? அந்த ஓட்டை வழியா விதை கொட்டி, சட்டி அடியில கிடந்து கருகும். தொண்டையைக் கமற வைக்கிற புகைக்கு அது பெரிய காரணம். காம்போட போடுங்க, கீறாதீங்க, உடைஞ்சதைத் தனியா எடுத்துடுங்க. முதல் தடவை பொரிச்சதும் அடியில விதை கிடந்தா வடிகட்டிட்டு அடுத்ததைப் போடுங்க. புகை கிளம்பிட்டா அடுப்பை அணைச்சு மூடி போடுங்க. தண்ணி மட்டும் தெளிக்காதீங்க. குழந்தையை அந்த நேரத்துக்கு வேற அறையில வைங்க. முழுசா நெடியே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

யாழ்ப்பாணத்திலை நாங்கள் செத்தல் மிளகாயைப் பொரிச்சு இடிச்சுச் சம்பல் போடுறனாங்கள். அதுக்கும் இவ்வளவு நேரம் வேணுமோ அக்கா?

வேண்டாம். நீட்டு மிளகாய்க்குத் தோல் மெல்லிசு, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள கறுக்கும். தீயை அணைச்சுட்டு அந்தச் சூட்டிலேயே போட்டுப் பாருங்கோ.

மோர் மிளகாய்க்கு எத்தனை நாள் வெயில் வேணும்?

அது பச்சை மிளகாய் சமாச்சாரம் தம்பி, இங்கே பேசறது வெறும் வற்றல். ஆனா வெயில்னதும் ஞாபகம் வருது: வற்றலையும் கழுவாம துணியால துடைச்சு, ஒரு மணி நேரம் வெயில்ல வெச்சா எண்ணெய் தெறிக்காது.

எண்ணெயில ஒரு கல் உப்பு போட்டா நெடியே வராதுன்னு எங்க அம்மா சொல்வாங்களே?

எங்க பாட்டியும் போடுவாங்க. உப்பு எண்ணெயில கரையாம அடியிலதான் கிடக்கும். போட்டும் போடாமலும் பொரிச்சுப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியலை.

எங்க வீட்டில தெரியுது அக்கா!

அப்போ போடுங்க. தீயை மட்டும் கூட்டாதீங்க.