முந்தைய ஆய்வோடு ஒப்பிடும்போது எந்த வினைச்சொல்?

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரே பள்ளியில் மூன்றாம் வகுப்பு மாணவர் 38 பேருக்கு, நிலைவாரியாகப் பிரித்து எட்டு வாரம் வாசிப்புப் பயிற்சி அளித்தேன், பயிற்சி முடிந்ததும் முன்தேர்வின் வினாத்தாளையே மறுபடி கொடுத்து வைத்த பின்தேர்வில் மதிப்பெண் கூடியது. முந்தைய ஆய்வுகளை இது உறுதிப்படுத்துகிறது என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். 2007இல் பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் ஆகியோர் வெளியிட்ட மும்பை, வதோதரா ஆய்வு, பின்தங்கிய மாணவர்களுக்குத் தனியே கற்பித்த திட்டத்தை ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்தது. உங்களிடம் ஒப்பீட்டுக் குழு இல்லாததால், வழக்கமான வகுப்பும் அதே வினாத்தாளை மறுபடி எழுதிய பழக்கமும் மதிப்பெண்ணை உயர்த்தியிருக்கலாம். நம் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு: தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே மூன்றாம் வகுப்புக் குழந்தைகளையும் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைவாரியாகப் பிரிக்கிறது. உங்கள் பள்ளியிலும் அது நடந்திருந்தால் இரண்டின் விளைவையும் பிரித்தறிய முடியாது. இதை வரம்புகள் பகுதியில் ஒளித்துவைக்காமல், ஒப்பிடும் பத்தியிலேயே சொல்லுங்கள்.

இப்படி எழுதலாம்: "எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் சராசரி உயர்ந்தது. உயர்வின் திசை மும்பை, வதோதரா முடிவுகளோடு ஒத்துப்போகிறது. எனினும் ஒப்பீட்டுக் குழு இல்லாத நிலையில், இதைப் பயிற்சியின் விளைவு என்று மட்டும் கொள்ள இயலாது."

ஒத்த முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. அதே ஆய்வில், இரண்டாம் ஆண்டில் 0.28 திட்டவிலக்கமாக இருந்த சராசரி முன்னேற்றம், திட்டத்தை விட்டு ஓராண்டான பின் சுமார் 0.1 ஆகச் சுருங்கியது. நீங்கள் பயிற்சி முடிந்த கையோடு தேர்வு வைத்ததால், 'நிலையான முன்னேற்றம்' என்றும் எழுத வேண்டாம்.