ஏசிஎல் ஒரே ஸ்லைஸில் முழுசாகத் தெரியாவிட்டால்

கேள்வி: வணக்கம் டாக்டர். மதுரையில் ரேடியாலஜி டெக்னாலஜி மூன்றாம் வருஷம் படிக்கிறேன், சொந்த ஊர் உசிலம்பட்டி. வைவாவில் நார்மல் முழங்கால் எம்ஆர்ஐ ஒன்றைக் கொடுத்து, சேஜிட்டல் ஸ்லைஸில் லிகமென்ட் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லச் சொல்கிறார்கள். பிசிஎல் பளிச்சென்று தெரிகிறது. ஏசிஎல் மட்டும் 14-ஆவது ஸ்லைஸில் கீழ்ப்பாதிதான் இருக்கிறது. மேலே மங்கிப்போய் கிழிந்த மாதிரியே தெரிகிறது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருக்கிறது. எங்கே தப்பு பண்ணுகிறேன்?

பதில்: 14-லேயே நிற்பதுதான் தப்பு. 13-க்கும் 12-க்கும் போய்ப் பாருங்கள், மேல்பாதி அங்கே இருக்கும்.

காரணம் ஏசிஎல் போகிற பாதை. கால் எலும்பான டிபியாவின் மேல்பரப்பில், நடுவில் சற்று முன்னால் தொடங்குகிறது. மேலே ஏறும்போதே பின்னாலும் வெளிப்பக்கமாகவும் சாய்ந்து, வெளிப்பக்கத் தொடைக் குமிழின் உள்சுவரில் போய் ஒட்டுகிறது. நாம் வெட்டுவது நேர் ஸ்லைஸ், ஒவ்வொன்றும் சுமார் 3 மில்லிமீட்டர் கனம். சாய்ந்து போகிற கயிற்றை நேராக அரிந்தால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரு துண்டுதான் கிடைக்கும். உங்கள் படத்தில் எண்கள் வெளிப்பக்கத்திலிருந்து தொடங்குகின்றன என்றால், 14-இல் டிபியா முனை, 13-இல் நடுப்பகுதி, 12-இல் தொடை முனை. அந்த 12-இல் லிகமென்டோடு குமிழின் எலும்பும் அதே ஸ்லைஸுக்குள் சேர்ந்து விழுவதால் கறுப்பு மங்கித் தெரியும். அந்த மங்கலைக் கிழிசல் என்று எழுதிவிடாதீர்கள்.

எண்களை மட்டும் நம்பவும் வேண்டாம். சில இடங்களில் உள்பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். திரையில் PD FS SAG தொடரைத் திறந்ததும் முதலில் ஃபிபுலாவின் தலையைத் தேடுங்கள். டிபியாவுக்குப் பின்னால் சின்னதாக, உருண்டையாக ஒரு எலும்பு வந்தால் அது வெளிப்பக்கம். இது தெரியாமல் பேர் சொல்லத் தொடங்கினால் எல்லாமே இடம் மாறிப்போகும்.

அந்த வெளி ஓரத்திலேயே ஒரு லிகமென்டை முடித்துவிடலாம். ஃபிபுலா தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் சந்தித்து ஆங்கில V போல நிற்கும். முன்னாலிருந்து இறங்குவது வெளிப்பக்கக் கொலாட்டரல் லிகமென்ட், பின்னாலிருந்து வருவது பைசெப்ஸ் ஃபெமொரிஸ் டெண்டன். லிகமென்ட் மெலிசு என்பதால் முழு நீளமும் ஒரே ஸ்லைஸில் மாட்டுவது அபூர்வம்.

இனி நடுவுக்கு வருவோம். இரண்டு தொடைக் குமிழ்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் ஏசிஎல்லும் பிசிஎல்லும் இருக்கின்றன. நான் எப்போதும் பிசிஎல்லில் தொடங்கச் சொல்வேன். அது தடிமன், சீரான கறுப்பு, ஒன்றிரண்டு ஸ்லைஸிலேயே முழுசாகக் கிடைத்துவிடும். புத்தகங்களில் பூமராங் மாதிரி என்று இருக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வளரி என்றாலே போதும். உள்பக்கத் தொடைக் குமிழின் சுவரிலிருந்து கிளம்பி, முதுகு வளைந்து, டிபியாவின் பின்புறம் மூட்டுப் பரப்புக்குச் சற்றுக் கீழே இறங்கி ஒட்டும். உங்கள் தொடரில் 15, 16-இல் இருக்கும்.

அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு ஸ்லைஸாக நகர்ந்தால் ஏசிஎல் தானாக வரும். நிறத்தில் பிசிஎல் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் அடுத்த சிக்கல். ஏசிஎல் அப்படிக் கறுக்காது. பூக்கட்டுகிறவர் வாழைநாரைக் கிழித்து வைத்திருப்பாரே, அந்த மாதிரி இழை இழையாக இருக்கும். இழைகளுக்கு நடுவே கொழுப்பும் இணைப்புத் திசுவும் இருப்பதால், முக்கியமாக டிபியா முனையில், சாம்பல் கோடுகள் ஓடும். அது நார்மல். பார்க்க வேண்டியது நிறத்தைவிடச் சாய்வை. பள்ளத்தின் கூரையாகத் தொடை எலும்பில் ஒரு சாய்ந்த கோடு தெரியும், ப்ளூமன்சாட் கோடு என்பார்கள். நல்ல ஏசிஎல் அந்தக் கூரைக்கு ஏறக்குறைய இணையாக, இறுக்கமாக ஓடும். மூன்று ஸ்லைஸையும் மேலும் கீழும் உருட்டிப் பார்த்து, இழைகள் டிபியாவிலிருந்து தொடை எலும்பு வரை விடாமல் போகின்றன என்றால் வேலை முடிந்தது. சந்தேகம் மிச்சமிருந்தால் ஆக்சியலில் தொடை முனையைப் பாருங்கள், குமிழின் சுவரில் நீள்வட்டமாக ஒட்டியிருப்பது தெரியும்.

கபடியில் முழங்கால் திருகிக்கொண்டு வருகிற பையனின் படம் வேறு மாதிரி இருக்கும். எந்த ஸ்லைஸிலும் இழை தொடராது, மிச்சமிருப்பது தளர்ந்து தட்டையாகப் படுத்திருக்கும். வெளிப்பக்கத் தொடைக் குமிழிலும் டிபியாவின் பின் விளிம்பிலும் எலும்பு கன்றி, வெள்ளைத் திட்டாகத் தெரியும். உங்கள் படத்தில் இவை எதுவும் இருக்காது.

சரி, வைவாவில் அடிக்கடி வழுக்கிவிடுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிசிஎல்லுக்கு முன்னால் ஒட்டினாற்போல ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது ஹம்ஃப்ரி லிகமென்ட், பின்னால் தெரிந்தால் ரிஸ்பெர்க். எல்லாருக்கும் இருக்காது. இரண்டும் வெளிப்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்பிலிருந்து உள்பக்கத் தொடைக் குமிழுக்குக் குறுக்கே போவதால், சேஜிட்டலில் வெட்டும்போது புள்ளியாகத்தான் விழும். நான் பிஜி முதல் வருஷத்தில் ஹம்ஃப்ரியைப் பார்த்து, மெனிஸ்கஸ் கிழிந்து பள்ளத்துக்குள் புரண்டு கிடக்கிறது என்று எழுதிவிட்டேன். சீஃப் திட்டவில்லை. "இது எங்கேருந்து வருது, எங்கே போகுது? காட்டுப்பா" என்றார். வெளிப்பக்கமாக உருட்டினேன். புள்ளி ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் நகர்ந்து போய் பின்கொம்பில் சேர்ந்துகொண்டது. நிஜமாகவே மெனிஸ்கஸ் துண்டாக இருந்திருந்தால், பிசிஎல்லுக்குக் கீழே இன்னொரு பிசிஎல் மாதிரி நீளமாகக் கிடந்திருக்கும், உள்பக்க மெனிஸ்கஸும் குட்டையாகிப் போயிருக்கும்.

இதே குணம் முன்னாலும் உண்டு. இரண்டு மெனிஸ்கஸ்களின் முன்கொம்புகளையும் கட்டுகிற குறுக்கு லிகமென்ட், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள ஹாஃபா கொழுப்பின் பின்னோரத்தில் கறுப்புப் புள்ளியாக வரும். வெளிப்பக்க முன்கொம்போடு அது சேருமிடத்தில் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அதைக் கிழிசல் என்று சொல்லாதவர்கள் குறைவு. பட்டெல்லார் லிகமென்டில் குழப்பமே இல்லை. சில்லின் கீழ்முனையிலிருந்து டிபியாவின் முன்மேடு வரை அகலமான கறுப்புப் பட்டையாக இருக்கும்.

உள்பக்கக் கொலாட்டரலை மட்டும் சேஜிட்டலில் கேட்டால், "கரோனலில் காட்டுகிறேன் சார்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். அகலமான தட்டைப் பட்டை அது, சேஜிட்டல் ஸ்லைஸுக்கு இணையாகவே படுத்திருக்கிறது.

அப்புறம், ஸ்கேன் போடப்போவது நீங்கள்தானே. அடுத்த முறை சேஜிட்டல் பிளான் பண்ணும்போது, ஆக்சியல் படத்தில் வெளிப்பக்கத் தொடைக் குமிழின் உள்விளிம்புக்கு இணையாகப் பெட்டியை 10 முதல் 15 டிகிரி சாய்த்துப் பாருங்கள். உங்களுக்கு 12, 13, 14 என்று துண்டுதுண்டாக வந்த ஏசிஎல், ஒன்றிரண்டு ஸ்லைஸிலேயே ஏறக்குறைய முழு நீளத்துக்கு வரும்.