உன்னைத் தேடினேம்மா

*வணக்கம் அக்கா. திருச்சியில் ஒரு அரசு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருக்கிறேன். மகள் இரண்டாம் வகுப்பு. போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில் ஆடினாள். ராத்திரி ராத்திரி நான்தான் கூட இருந்து பழக்கினேன். ஆனால் விழா அன்று கிளையில் ஆடிட், போக முடியவில்லை. கணவரும் மாமியாரும் போனார்கள். வீட்டுக்கு வந்ததும், "மேடையிலேருந்து உன்னைத் தேடினேம்மா" என்றாள். வகுப்பு வாட்ஸப் குழுவில் வந்த வீடியோவை இன்னும் நான் திறக்கவில்லை. "நீயெல்லாம் ஒரு அம்மாவா" என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக் கடன் இருக்கிறது, ஆனால் அதற்காக மட்டும் இல்லை, எனக்கு இந்த வேலை பிடிக்கும். விட மாட்டேன். இந்தக் குரலை எப்படி அடக்குவது?*

*பெயர் வேண்டாம், திருச்சி*

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்தக் குரலை அடக்குகிற முயற்சியை நிறுத்துங்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதே, நினைத்தால் மணியை அடி என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள்தான் அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். நீங்கள் அந்த வீடியோவைத் திறக்காமல் இருப்பதும் இதேதான். திறக்காத ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அது உங்களுக்கு நினைவூட்டிவிட்டுத்தான் போகிறது.

அடக்குவதற்குப் பதிலாக விசாரிக்கலாம். ஆரன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையில் இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, காகிதமும் பேனாவும் போதும். மனசுக்குள்ளேயே செய்து பார்க்காதீர்கள், அங்கே அந்தக் குரல்தான் நீதிபதியும்.

குரல் சொல்கிற வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்: "நீயெல்லாம் ஒரு அம்மாவா." இது கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் கேள்வி இல்லை. அதைச் சொல்லும் கூற்றாக மாற்றுங்கள்: "நான் மோசமான அம்மா." இப்போது இதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று நூற்றுக்கு ஒரு எண் போடுங்கள். 80 என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழே இரண்டு பத்தி. ஒன்றில் இதற்கு ஆதாரம், இன்னொன்றில் எதிரான ஆதாரம். இரண்டிலும் நடந்ததை மட்டும்தான் எழுத வேண்டும், யாரோ என்ன நினைத்திருப்பார்கள் என்பது இரண்டு பக்கமும் வரக் கூடாது. (வாட்ஸப் குழு அம்மாக்கள் என்ன நினைத்தார்கள் என்பது நிச்சயமாக வரக் கூடாது.)

ஆதாரப் பக்கம்: விழாவுக்கு நான் போகவில்லை, அவள் தேடினாள். இதை மழுப்ப வேண்டாம், நடந்ததுதான். எதிர்ப் பக்கம்: ராத்திரியெல்லாம் நான்தான் பழக்கினேன், அவளைப் பார்க்க அப்பாவும் பாட்டியும் அங்கே இருந்தார்கள். அப்புறம் நீங்கள் கவனிக்காத ஒன்று, தேடினேன் என்பதை அவள் உங்களிடமே வந்து சொன்னாள். ஏமாற்றத்தை அம்மாவிடம் சொல்லலாம், அம்மா கேட்பாள் என்று தெரிந்த பிள்ளைதான் அப்படி வந்து சொல்லும். நீங்கள் அதைக் குற்றப்பத்திரிகையாக வாசித்துவிட்டீர்கள்.

பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியம் எழுதுங்கள். "என் பிள்ளை ஆடியதை நான் நேரில் பார்க்கவில்லை, அவளுக்கு அது ஏமாற்றம், அவள் அதை என்னிடம் சொன்னாள், அடுத்த விழாவுக்கு நான் ஏற்பாடு செய்ய வேண்டும்." இதைப் படித்துவிட்டு பழைய வாக்கியத்துக்கு மறுபடி எண் போடுங்கள். 80 பூஜ்யம் ஆகாது. 45 ஆனாலே வேலை நடந்திருக்கிறது.

எண் அசையவே இல்லையென்றால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, நீங்கள் எழுதிய புது வாக்கியம் அளவுக்கு மீறி இனிப்பாக இருக்கும், "நான் சிறந்த அம்மா" என்கிற ரகம். அதை நீங்களே நம்ப மாட்டீர்கள். இன்னொன்று, எழுதிய வாக்கியம் அசல் வாக்கியமே இல்லை, அது அடியில் ஒளிந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் வருகிறது. கடனைச் சொன்ன கையோடு "எனக்கு இந்த வேலை பிடிக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். கடனுக்காக வேலைக்குப் போகிற அம்மாவை ஊர் மன்னித்துவிடும். பிடித்துப் போகிற அம்மாவுக்குத்தான் உள்ளே ஊமைக்காயம். "எனக்கு வேலைதான் பெரிசு, பிள்ளை அப்புறம்" என்பதாக இருக்கலாம் அந்த அசல் வாக்கியம். இருந்தால் அதையும் எழுதி, எண் போட்டு, இரண்டு பத்தி பிரியுங்கள். ஆடிட் நாளில் இருந்தே ஆக வேண்டிய நிலை ஒன்று, வேலை பெரிசு என்பது வேறொன்று.

இதெல்லாம் குரலுக்கு. நடந்த காரியத்துக்குப் பரிகாரம் தனியாகச் செய்ய வேண்டும், அது உங்கள் மகளோடு. வீடியோவைத் தனியாகப் பார்க்காதீர்கள், அவளை மடியில் வைத்துக்கொண்டு அவளையே சொல்லச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் நின்று தேடினாய், அப்புறம் யாரைப் பார்த்தாய் என்று கேளுங்கள். "வர முடியலடா, எனக்கும் வருத்தமா இருந்துச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டு அழுதால், ஏழு வயசுப் பிள்ளை உங்களைச் சமாதானப்படுத்துகிற வேலைக்கு வந்துவிடும். பொம்மை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

1990களில் எலன் கலின்ஸ்கி என்பவர் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம், அம்மாவின் வேலை உன்னைப் பாதிக்கிற விதத்தில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய் என்று கேட்டார். கூடவே இருக்கும் நேரத்தைக் கேட்டவர்கள் சொற்பம். அதிகம் பேர் சொன்னது, அம்மா இவ்வளவு டென்ஷனும் களைப்புமாக இல்லாமல் இருந்தால் போதும் என்று. நம் ஊர்ப் பிள்ளைகளும் அப்படியே சொல்வார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விழாவுக்குப் போகாததைவிட, போகாததற்காக ஒரு மாதமாக முகம் வாடியிருக்கிற அம்மாதான் அவளுக்குப் பெரிய விஷயமாக இருக்கலாம்.

அப்புறம் காலண்டர். ஜூனில் பள்ளி நாட்காட்டி வந்ததும் அவளோடு உட்கார்ந்து, வருஷத்தில் அம்மா வந்தே ஆக வேண்டிய இரண்டு நிகழ்ச்சி எது என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு முக்கியமாகப் படுவதை அவள் சொல்ல மாட்டாள், பெரும்பாலும் விளையாட்டு விழாவையோ மாறுவேடப் போட்டியையோ சொல்லுவாள். அந்த இரண்டுக்கும் மேலாளரிடம் அன்றைக்கே சொல்லி வையுங்கள், கூட இருக்கும் அதிகாரியோடு மாற்றிக்கொள்ளவும் நாள் இருக்கும். வருஷத்துக்கு 12 கேஷுவல் லீவில் இரண்டை ஒதுக்குவது பெரிய காரியமில்லை, காலாண்டு முடிவிலோ மார்ச்சிலோ மோதாமல் இருந்தால். ஆடிட் திடீரென்று வந்து விழுந்தால் அதற்கு இந்த ஏற்பாடும் தாங்காது, அதை அவளிடம் முன்னாடியே சொல்லிவிடலாம். பெற்றோர் கூட்டம் வங்கிக்கு லீவான இரண்டாவது, நான்காவது சனியில் இல்லாவிட்டால், அந்தச் சனிகளில் ஒன்றில் பத்து நிமிஷம் வரட்டுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மிச்சத்துக்கு அப்பா போகட்டும். அவர் தவறவிடுகிற விழாக்களுக்கு அவருக்குள் ஏன் எந்தக் குரலும் கேட்பதில்லை என்று ஒரு நாள் இருவரும் பேசிப் பாருங்கள், சண்டையாக இல்லாமல்.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் மனசு கனத்தே இருக்கிறது, தூக்கம் கெடுகிறது, பிடித்த வேலையே பிடிக்காமல் போகிறது என்றால் அது காகிதத்தில் எழுதித் தீருகிற விஷயம் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மனஸ் எண் 14416ஐக் கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.