தீர்ப்பு கையில், பணம் இலைக் கணக்கில்

"கோத்தகிரியில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடனுக்கு உரம் வாங்கிய தேயிலை விவசாயி ஒருவர் மேல் வழக்குப் போட்டு 2021 மார்ச்சில் தீர்ப்பு வாங்கினேன். அசல் 2,80,000. வட்டியோடு சேர்த்து 3,20,000க்குத் தீர்ப்பு, செலவுத்தொகை 14,000, பிறகு அசலுக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. அப்பீல் இல்லை. ஒரு ரூபாய்கூட வரவில்லை. 2 ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிறார், பட்டா தாத்தா பெயரில். குடியிருக்கும் வீடு ஒன்று. இலையைப் பக்கத்து ஃபேக்டரிக்குப் போடுகிறார். ஆளை உள்ளே வைக்க முடியுமா? தோட்டத்தை ஏலத்துக்குக் கொண்டுவரலாமா? எதை முதலில் செய்வது?"

முதலில் ஃபேக்டரியில் நிற்கும் இலைப் பணத்தைப் பிடியுங்கள். தோட்டமும் கைதும் அதற்கடுத்த வேலை. ஃபேக்டரியின் இலைக் கணக்கு பணத்தையும் தரும், மற்ற இரண்டு வழிகளுக்கும் வேண்டிய சாட்சியத்தையும் தரும்.

காலக்கெடு உங்களை நெருக்கவில்லை. பணத் தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு, 2033 மார்ச் வரை மனுப் போடலாம். ஆனால் தீர்ப்பாகி இரண்டு ஆண்டு தாண்டிவிட்டதால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21 விதி 22 குறுக்கே வரும். நிறைவேற்று மனு, அதாவது ஈ.பி., போட்டதும் எதிரிக்கு நோட்டீஸ் அனுப்பி, "ஏன் நிறைவேற்றக் கூடாது?" என்று கேட்ட பிறகுதான் நீதிமன்றம் மேலே போகும். அந்த நோட்டீஸைக் கையில் வாங்கியவர் மறுநாளே இலையை வேறு ஃபேக்டரிக்கு மாற்றலாம், அல்லது மனைவி பெயரில் புதுக் கணக்குத் தொடங்கலாம். இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்தால் காலதாமதம் ஆகும், அல்லது நீதியின் நோக்கமே கெடும் என்று நீதிபதி கருதினால், காரணத்தைப் பதிவுசெய்துவிட்டு நோட்டீஸ் இல்லாமலே ஆணை பிறப்பிக்கலாம். அதை மனுவோடு சேர்த்தே கேளுங்கள். இலை எந்த ஃபேக்டரிக்குப் போகிறது, எப்போது பட்டுவாடா, கணக்கை மாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதை உறுதிமொழி ஆவணத்தில் எழுதுங்கள். "எதிரி சொத்தை மறைத்துவிடுவார்" என்ற ஒற்றை வரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. காரணம் பதியாமல் நோட்டீஸையும் விட்டுவிட்டால், பிறகு நடப்பதெல்லாம் செல்லாது என்று எதிரி வாதாடுவார்.

மனுவில் கேட்கும் தொகை சரியாக இருக்க வேண்டும். தீர்ப்பு அசலுக்குத்தான் வட்டி கொடுத்திருக்கிறது, 3,20,000க்கு அல்ல. 2,80,000க்கு 6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 16,800. 2026 மார்ச்சில் ஐந்து ஆண்டுக்கு 84,000 வரும். அதோடு 3,20,000, செலவுத்தொகை 14,000 சேர்த்தால் 4,18,000. வட்டிக்கு வட்டி போட்டு எழுதினால் மனு திருத்தத்துக்குத் திரும்பும், எதிரிக்கு ஒரு தகராறும் கிடைக்கும்.

இனி இலைப் பணம். ஃபேக்டரி விவசாயிக்குத் தர வேண்டிய தொகை சட்டத்தின் பார்வையில் ஒரு கடன். கடனாளிக்குக் கடன்பட்ட அந்த மூன்றாம் ஆளை வக்கீல்கள் 'கார்னிஷி' என்பார்கள். இதில் இரண்டு படி. முதலில் அதே கட்டளை 21-ன் விதி 46: அந்தத் தொகையை விவசாயி வாங்கக் கூடாது, ஃபேக்டரி கொடுக்கக் கூடாது என்று தடை ஆணை, அதாவது ஜப்தி. அடுத்து விதி 46ஏ: ஜப்தியான தொகையை நீதிமன்றத்தில் கட்டு, இல்லையேல் வந்து காரணம் சொல் என்று ஃபேக்டரிக்கு நோட்டீஸ். இரண்டாவதைத் தனியாக மனுப் போட்டு, ஃபேக்டரி கடன்பட்டிருக்கிறது என்று நம்புவதாக உறுதிமொழி கொடுத்துக் கேட்க வேண்டும். முதல் படியோடு நிறுத்திவிட்டு, பணம் ஏன் வரவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. தடை ஆணை பணத்தை நிறுத்தி வைக்கும், உங்கள் கைக்குக் கொண்டுவராது. ஃபேக்டரி கட்டவும் இல்லை, வரவும் இல்லை என்றால் அதன் மேலேயே ஆணை போட்டு, அதையே தீர்ப்பாணை போல நிறைவேற்றலாம். ஒழுங்காகக் கட்டிவிட்டால் விவசாயிக்குப் பட்ட கடன் அந்த அளவுக்குத் தீர்ந்ததாகக் கணக்கு, ஆகவே அவர்களுக்கு நஷ்டம் இல்லை. இதை மேனேஜரிடம் எடுத்துச் சொன்னால் பாதி முறைப்பு குறையும்.

இந்த வழி தோற்பது பெரும்பாலும் நாள் பார்க்காததால். ஆணை ஃபேக்டரி கையில் சேரும் நாளில் இருக்கும் கடனைத்தான் ஜப்தி செய்யலாம். கொடுக்கும் தேதி பின்னால் இருந்தாலும் கடன் அன்றே உருவாகியிருக்க வேண்டும். இந்த மாதம் இதுவரை எடை போட்ட இலைக்கான தொகை கடன். அடுத்த மாதம் பறிக்கப் போகும் இலைக்கான தொகை இன்னும் கடன் ஆகவில்லை. பட்டுவாடா முடிந்த மறுநாள் அமீனா போனால், "பாக்கி ஏதும் இல்லை" என்று ஃபேக்டரி உண்மையாகவே எழுதிக் கொடுத்துவிடும். மாத இலை முழுக்கச் சேர்ந்து, பணம் கொடுக்கும் முன்னுள்ள சில நாட்கள்தான் உங்களுக்கு நல்ல நாட்கள். எந்தத் தேதியில் பட்டுவாடா என்று தெரிந்துகொண்டு, ஆணையைக் கொண்டுபோகும் செலவான பேட்டாவை முன்கூட்டியே கட்டி, அமீனா அந்த வாரத்தில் போகும்படி பாருங்கள். பணம் வங்கியில் ஏறிவிட்டால் அதுவும் கடன்தான், இப்போது கடன்பட்டது வங்கி. அதே விதியில் வங்கிக்கும் தடை ஆணை கேட்கலாம்.

மாதம் 700 கிலோ இலை, கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிடிக்கு 14,000. அதில் 1,400 அந்த மாத வட்டிக்கே போகும். கடன் தீர ஏறக்குறைய மூன்று ஆண்டு, அதுவும் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஆணை வாங்கினால். அதற்குள் இலை பறிக்கும் கூலிக்குக் காசில்லாமல் அவர் தோட்டத்தைப் போட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆகவே ஒன்றிரண்டு மாதம் பிடித்துக் காட்டிய பிறகு பேச்சுக்கு வருவது புத்திசாலித்தனம். நீங்கள் சம்மதித்தால், தீர்ப்புக்குப் பிறகும் நீதிமன்றம் தவணை ஆணை போடலாம். வரப்போகும் இலைப் பணத்தையும் பிடிக்க வேண்டுமென்றால், வருமானத்தை வாங்கி நிர்வகிக்கும் ரிசீவரை நீதிமன்றம் நியமிக்கக் கேட்கலாம். ஆனால் 2 ஏக்கருக்கு ரிசீவர் என்றால் செலவே வரவைத் தின்னும்.

ஃபேக்டரி என்ன பதில் சொல்லும் என்பதையும் எதிர்பாருங்கள். உரத்துக்கோ கல்யாணத்துக்கோ முன்பணம் கொடுத்திருக்கிறோம், கழித்துவிட்டோம், பாக்கி இல்லை என்று சொல்லலாம். உண்மையாக இருந்தால் சரியான பதில்தான். சந்தேகமாக இருந்தால் தகராறை நீதிமன்றம் ஒரு வழக்குப் பிரச்சினை போல விசாரித்து முடிவு செய்யும், லெட்ஜரை வரவழைத்துக் காட்டலாம். ஃபேக்டரி வேறு நீதிமன்ற எல்லையில், உதாரணமாகக் குன்னூர் பக்கம் இருந்தால், தீர்ப்பாணையை அந்த நீதிமன்றத்துக்கு மாற்றிக் கேட்பது பாதுகாப்பு. எல்லைக்கு வெளியே இருக்கும் சொத்து மேல் தீர்ப்பு சொன்ன நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கப் பிரிவு 39(4) இடம் தராது.

இலைக் கணக்கே ஆளைப் பிடிக்கவும் உதவும். தீர்ப்புக் கடன் கட்டாதது மட்டுமே சிறைக்குக் காரணமாகாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்புக்குப் பிறகு கட்ட வசதி இருந்தும் கட்ட மறுத்தார் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். "வசதி இல்லை" என்று கூண்டில் சொல்பவர் முன் மாதாமாதம் பணம் வாங்கிய ஃபேக்டரிப் பட்டியலை வைத்தால் அந்தப் பேச்சு நிற்காது. அதற்கு முன்பே விதி 41-ன் கீழ், தன் சொத்து விவரத்தை உறுதிமொழியாகக் கொடுக்கும்படி அவருக்கு ஆணை கேளுங்கள். அதை மீறினால் அதற்கே மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு. கைது மனுவில் உங்கள் தொகைக்கு அதிகபட்சம் மூன்று மாதம். உள்ளே இருக்கும் காலத்துக்குச் சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும். வெளியே வந்த பிறகும் கடன் அப்படியே இருக்கும், ஆனால் அதே தீர்ப்புக்கு மறுபடி கைது கிடையாது. சீட்டு ஒன்றுதான் கையில், முதலில் எறிந்துவிடாதீர்கள். கணக்கு மனைவி பெயருக்குப் போய்விட்டால் மனைவியைக் கைது செய்ய முடியாது. அவர் எதிரியும் அல்ல, பணத் தீர்ப்புக்குப் பெண்களைக் கைது செய்யவும் சட்டம் அனுமதிக்காது.

தோட்டத்தைப் பொறுத்தவரை பட்டாவே முதல் கேள்வி. தாத்தா உயிரோடு இருந்து, அது அவர் சுயசம்பாத்தியம் என்றால் பேரனுக்கு அதில் பங்கே இல்லை, ஜப்தி நிற்காது. தாத்தா காலமாகி, வாரிசுகள் பாகம் பிரிக்காமல் வைத்திருந்தால் உங்கள் ஆளின் பிரிபடாத பங்கை மட்டும் ஜப்தி செய்து ஏலம் விடலாம். ஏலம் எடுப்பவருக்கு வேலி போட்ட ஒரு துண்டு கிடைக்காது, பாகப்பிரிவினை வழக்குப் போடும் உரிமைதான் கிடைக்கும். அண்ணன் தம்பிகளோடு வழக்காட வெளி ஆள் யாரும் முன்வருவதில்லை, வந்தாலும் கேட்கும் விலை அடிமட்டமாகவே இருக்கும். நீதிமன்ற அனுமதி வாங்கி நீங்களே கேட்கலாம், விலையைக் கடனில் கழிக்கலாம். இருந்தாலும் பங்கை ஜப்தி செய்து வைப்பதில் பயன் இருக்கிறது: அதற்குப் பிறகு அவர் பங்கை விற்றாலும் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஜப்தி ஆணையின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். குடியிருக்கும் வீட்டில் கை வைக்க வேண்டாம். விவசாயி குடியிருக்கும் வீட்டைப் பிரிவு 60 ஜப்தியிலிருந்து காக்கிறது.

மலையில் ஜப்திக்கு முன் நிலத்தின் வகையையும் பாருங்கள். விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலத்தில் அந்த நிபந்தனை ஏலத்துக்கும் தடையாக வரும். கூடலூர் பக்கத்தில், ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும் 'செக்‌ஷன் 17' நிலங்களில் உரிமையே இன்னும் தகராறில் இருக்கிறது. தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களை மதிப்பில் சேர்த்து மனக்கணக்குப் போடுவார்கள். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது என்பதால் அந்த மதிப்பு காகிதத்தில்தான்.

இடையில் அவர் வந்து ரொக்கமாக ஏதாவது கொடுத்தால் வாங்குங்கள், ஆனால் ரசீது கொடுத்து, அந்தத் தொகையை விதி 2-ன்படி நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். பதிவாகாத வெளிக் கொடுக்கல் வாங்கலை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. வாங்கியதை மறைத்து முழுத் தொகைக்கு மனு நடத்தினால் அதுவே உங்கள் மேல் தனி வழக்காகத் திரும்பலாம்.