மாவு வீச்சும் சேலை வீச்சும்: ஒரு மேட்ச் கட்

வணக்கம் ஐயா,

மேலூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 12 நிமிஷக் குறும்படம் ஒன்றை ஃபோனில், நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்து முடித்து எடிட்டிங்கில் இருக்கிறோம். மதுரையில் ராத்திரிக் கடையில் பரோட்டா போடும் ஒருவர். ஊர்க் கண்மாயில் துணி துவைத்து அவரை வளர்த்த அம்மா. அவர் மாவை வீசுவதிலிருந்து, அம்மா சேலையைக் கல்லில் அடிப்பதற்கு மேட்ச் கட் வைத்தோம். பார்த்தால் கால் இடறின மாதிரி இருக்கிறது. 12 ஃப்ரேம் டிசால்வ் போட்டோம், கொழகொழவென்று ஆகிவிட்டது. பரோட்டாக் கல்லின் வட்டத்திலிருந்து கிணற்று வட்டத்துக்குப் போகும் இன்னொரு கட்டை யாருமே கவனிக்கவில்லை. இரண்டின் கிளிப்பையும் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிளிப்புகளை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். மாவு வீச்சை விட்டுவிடாதீர்கள். அம்மாவின் தோளில் இருந்த அசைவு மகனின் தோளுக்கு வந்திருக்கிறது என்பதை வசனமே இல்லாமல் சொல்கிற இடம் அது. கெட்டுப்போயிருப்பது யோசனை அல்ல, வெட்டிய இடமும் கண்மாயில் எடுத்த விதமும்.

முதலில் வெட்டு. மாவு மேடையில் விழுந்து, மாஸ்டர் கை ஓய்ந்த பிறகு வெட்டுகிறீர்கள். அடுத்த ஷாட், அம்மா சேலையைத் தலைக்கு மேல் தூக்குவதிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரு அசைவு முடிந்து, இன்னொன்று புதிதாகத் தொடங்குகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது இரண்டு வேலை. மேட்ச் கட்டில் அசைவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்: பாதியை மகன் செய்ய, மீதியை அம்மா செய்து முடிக்க வேண்டும். மாவு உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கி இரண்டு மூன்று ஃப்ரேம் ஆனதும் வெட்டுங்கள். சேலையும் அதே உயரத்தில், அதே பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கும் ஃப்ரேமிலிருந்து எடுங்கள். மேடையில் மாவு விழுவதைக் காட்டவே வேண்டாம். விழுகிற சத்தம் கல்லில் சேலை அடிபடும்போது கிடைத்துவிடுகிறது.

உயரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், திரையில் ஓர் இடத்தில் இருக்கும் கண் இன்னொரு இடத்துக்குத் தாவக் கிளம்பவே சுமார் 200 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். 25 ஃப்ரேமில் அது ஐந்து ஃப்ரேம். உங்கள் கட்டில் மாவு இடது மூலையில் முடிகிறது, சேலை வலது ஓரத்தில் தொடங்குகிறது. கண் சேலையைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் வீச்சில் பாதி போய்விடுகிறது. நீங்கள் சொல்லும் இடறல் அதுதான்.

இதை எடிட்டிங்கிலேயே ஓரளவு சரிசெய்து பார்க்கலாம். ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் சேலை கிளிப்பை மாவு கிளிப்புக்கு மேல் டிராக்கில் வைத்து `Opacity`-யை 50 ஆக்குங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். `,` `.` கீகளால் ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளி, மாவின் விளிம்பும் சேலையின் விளிம்பும் ஒன்றுசேரும் ஃப்ரேமைப் பிடியுங்கள். நீங்கள் 4கே-யில் எடுத்து 1080-இல் வெளியிடுவதால், பெரிதாக்கி நகர்த்தத் தாராளமாக இடம் இருக்கிறது. ஈரச் சேலை கனமானது, அதனால் மாவைவிட மெதுவாகத்தான் இறங்கும். அதற்காகக் கிளிப் முழுவதையும் வேகப்படுத்தினால் அம்மா பொம்மை மாதிரி ஆடுவார். கட்டுக்கு முன்னும் பின்னும் நாலு நாலு ஃப்ரேமில் வேகம் ஒத்துப்போனால் போதும். சேலை அதிவேகமாக வருவது கல்லைத் தொடுவதற்குச் சற்று முன்னால்தான். அந்தப் பகுதியை எடுத்து, ஃப்ரேமை நகர்த்தி மாவின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

திசை மாறியிருக்கும் இன்னொரு டேக்கை இடவலமாகத் திருப்பிப் போடலாமா என்று தோன்றும். வேண்டாம். அம்மாவின் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். நம் ஊர்ப் பெண்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவ்வளவு செய்தும் எடிட்டிங்கில் சரியாகாத ஒன்று இருக்கிறது. மாவு ஷாட்டில் விளிம்பு இழுபட்டு, கலங்கித் தெரிகிறது. சேலை ஷாட்டில் தெறிக்கும் தண்ணீர் ஒவ்வொரு துளியும் முத்து முத்தாக அந்தரத்தில் நிற்கிறது. கடையில் வெளிச்சம் குறைவு என்பதால் ஃபோன் ஷட்டரை மெதுவாக வைத்திருக்கிறது. கண்மாயில் வெயில் என்பதால் தானாகவே மிக வேகமாக ஆக்கிவிட்டது. ஒரே வேகத்தில் போகும் இரண்டு பொருள், ஒன்று வழுக்கியும் மற்றது வெட்டி வெட்டியும் தெரிந்தால் அசைவு ஒன்றாகாது. அதனால் கண்மாய் ஷாட்டை மட்டும் திரும்ப எடுங்கள். மேனுவல் வசதியுள்ள கேமரா ஆப்பில் ஷட்டரை 1/50-இல் பூட்டிவிடுங்கள். பெரும்பாலான ஃபோன்களில் அப்பர்ச்சரைக் குறைக்க முடியாது, எனவே வெயிலில் படம் வெள்ளையடித்துப் போகும். நேர் வெயிலில் ஐஎஸ்ஓ-வை ஆகக் குறைவாக வைத்து, வெளிச்சத்தைக் குறைக்க ஃபோனில் மாட்டும் என்டி64 ஃபில்டர் தேவைப்படும். காலையில் மர நிழலில் எடுத்தால் என்டி8 போதும்.

அதே நாளில் சேலையையும் மாற்றுங்கள். மாவு, இருட்டுப் பின்னணியில் வெளிர் நிறம். நீங்கள் கொடுத்திருப்பது அரக்குச் சேலை, பின்னால் வெளுத்த வானம். வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகிவிட்டதால் வடிவம் ஒத்திருந்தும் கண் அதை ஒன்றாக எடுத்துக்கொள்ளவில்லை. அது மட்டுமல்ல, கண் முதலில் போவது வெளிச்சத்துக்கு. அது வானத்துக்கு ஓடிவிடுகிறது. சந்தன நிறச் சுங்குடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவைச் சற்று உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்து, வானத்தை விலக்கி, நிழலில் இருக்கும் கரையையும் தண்ணீரையும் பின்னணியாக்குங்கள். சேலை முழுவதையும் நனைத்து வீச வேண்டியதில்லை. நாலாக மடித்து, பாதி நீளத்தைக் கையில் சுருட்டிக்கொண்டால் வீச்சும் வேகமாகும், நடிப்பவர் தோளும் தப்பிக்கும்.

டிசால்வ் பற்றி. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) படத்தில் ஊதி அணைக்கும் தீக்குச்சியிலிருந்து பாலைவனச் சூரிய உதயத்துக்குப் போகும் கட்டு பெயர்பெற்றது. அங்கே திட்டமிட்டிருந்தது டிசால்வ்தான். எடிட்டர் ஆன் கோட்ஸ் இரண்டு ஷாட்டையும் வெறுமனே ஒட்டிப் பார்த்தபோது நேர்க்கட்டே போதும் என்று தெரிந்துவிட்டது. டிசால்வில் இரண்டு அசைவும் சில ஃப்ரேம்கள் ஒன்றாகத் தெரியும். உங்களுடையதில் நாலு கை தெரிகிறது. எடுத்துவிடுங்கள்.

சத்தத்தில் ஒரு சின்ன வேலை. கடை இரைச்சலும் படத்தோடு சேர்ந்து ஒரே ஃப்ரேமில் அறுகிறது. காது அதைக் கட்டு என்று அறிவித்துவிடுகிறது. கொத்துச் சத்தத்தை அரை நொடி கண்மாய்க்குள் இழுத்து மெல்லக் குறையுங்கள். சேலை அடிபடும் ‘தப்’ மட்டும் துல்லியமாக, கல்லைத் தொடும் ஃப்ரேமிலேயே விழட்டும். இரண்டு ஃப்ரேம் பிந்தினால்கூட ஒட்டவைத்த சத்தம் என்று தெரிந்துவிடும்.

கிணற்றுக்குப் போகும் அந்த மேட்ச் கட்டை நான் நீக்கிவிடுவேன். கல்லின் வட்டம் தெரிகிற நேரத்தில் மாஸ்டர் கை நடுவில் பரோட்டாவைத் திருப்பிக்கொண்டிருக்கிறது, எல்லோர் கண்ணும் அந்தக் கையில். விளிம்பை யார் பார்ப்பார்கள்? வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கை விலகிய பிறகு வெறும் கல்லை இரண்டு நொடி நிறுத்தி வெட்டுங்கள். ஆனால் கல்லும் கிணறும் வட்டம் என்பதைத் தவிர உங்கள் கதையில் வேறு எதையும் பேசவில்லை.

கண்மாய்க்குப் போகும்போது, மாவு ஷாட்டில் நீங்கள் வெட்டப்போகும் கடைசி ஃப்ரேமைப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோன் திரை அளவுக்கு ஓஎச்பி ஷீட் வெட்டி, அந்தப் படத்தின்மேல் வைத்து, மாவின் விளிம்பு, மணிக்கட்டு, தோள் மூன்றையும் மார்க்கரால் வரையுங்கள். எடுக்கும்போது அதே ஷீட்டைத் திரையில் ஒட்டிவிட்டால், சேலை அந்தக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று ஒவ்வொரு டேக்கிலும் அங்கேயே தெரிந்துவிடும். கடையில் எந்த லென்ஸ், எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் வைத்தீர்களோ, முதல் டேக்கை அதிலேயே தொடங்குங்கள். வானம் வந்தால் உயரத்தை மட்டும் மாற்றுங்கள்.