விடுபட்ட பிரிவை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

"வேலூர் டேட்டா என்ட்ரி பெண்ணைப் பற்றி ஒரு சிறுகதை எழுதுகிறேன். நைட் ஷிப்ட். ஒப்பந்தச் சுருக்கத்தில் அபராதப் பிரிவு விட்டுப்போனது அவளுக்கு எப்படித் தெரியவரும்? நம்பும்படி வரமாட்டேன் என்கிறது."

மூல ஒப்பந்தத்தில் பணம் செலுத்துவதைப் பற்றிய பிரிவிலிருந்து தெரியவரட்டும். அதில் "பிரிவு 9-க்கு உட்பட்டு" என்று ஒரு வரி இருக்கும். அவள் சுருக்கத்திலோ 8-க்கு அப்புறம் நேராக 10 வரும்.

விட்டுப்போனதற்குக் காரணம் தூக்கமல்ல, படிவம். தரப்பினர், தொகை, தேதி என்று கட்டங்கள் உண்டு. அபராதத்துக்குக் கட்டமே கிடையாது. பிரிவு 9-ம் "இணைப்பு 'ஆ' பார்க்க" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த இணைப்பு கையெழுத்துப் பக்கத்துக்குப் பின்னால், ஸ்கேன் செய்த படமாக. தேடினால் சிக்காது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனி, 40 லட்ச ரூபாய் ஆர்டர். தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் அபராதம் 0.5 சதவீதம், உச்சவரம்பு 5 சதவீதம் என்றால், வாரம் 20,000, அதிகபட்சம் 2 லட்சம். கதைக்கு இது போதும், கோடிகள் வேண்டாம்.

ஒன்றில் கவனம். சுருக்கத்தில் இல்லையென்பதால் பிரிவு செல்லாமல் போகாது. மூல ஒப்பந்தம்தான் கட்டுப்படுத்தும். 1872 ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான ஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். ஆகவே "எல்லாம் போச்சு" என்று அவளை அழவிடாதீர்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, சரக்கை ஒரு வாரம் தள்ளி அனுப்பலாம் என்று மேனேஜர் முடிவெடுப்பார் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.