ஆம்ப்ஸ் ஏறாமலே காயில் கருகுவது ஏன்?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறேன். 5 ஹெச்பி மோட்டாருக்கு வேகத்தைக் குறைக்கும் டிரைவ் போட்டு, 20 ஹெர்ட்ஸில் நாள் முழுக்க எள் ஆட்டுகிறேன். ஆம்ப்ஸ் 7-ஐத் தாண்டவே இல்லை. ஆனாலும் காயில் இரண்டு தடவை எரிந்துவிட்டது. டிரைவ் கோளாறா?

பதில்: டிரைவில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. மோட்டாருக்குக் காற்று போதவில்லை.

தங்கள் மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினால், அதே தண்டில் செருகிய ஒரு விசிறி தெரியும். மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும்போது வீசும் காற்றை நம்பித்தான் பெயர்ப்பலகையில் 5 ஹெச்பி என்றும் ஏறத்தாழ 7.5 ஆம்ப்ஸ் என்றும் பொறித்திருக்கிறார்கள். 20 ஹெர்ட்ஸில் தண்டு 550 சுற்றை ஒட்டித்தான் ஓடும். விசிறியும் அதே வேகத்தில்தான் சுற்றும் என்பதால் காற்று ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. செக்கு வேகம் குறைந்ததற்காக உலக்கை எள்ளை லேசாக நசுக்குவதில்லை. அதற்கு வேண்டிய திருகுவிசை அப்படியே இருப்பதால் ஆம்ப்ஸும் அப்படியே 7-இல் நிற்கிறது. காயிலில் உண்டாகும் சூடு ஆம்ப்ஸைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்ததன்று. இரும்பில் உண்டாகும் சூடு கொஞ்சம் குறையும் என்றாலும் அது இந்தக் கணக்கைச் சரிக்கட்டாது. எண்ணெய்ப் பசையோடு எள் தூசி மோட்டார் உடம்பின் வரிப்பள்ளங்களில் அப்பியிருந்தால், வருகிற சிறு காற்றும் பயனற்றுப் போகும்.

ஆகவே இத்தகைய மோட்டாரை 20 ஹெர்ட்ஸில் மணிக்கணக்காக ஓட்டினால், முழு விசையில் முக்கால் பங்குக்கு மேல் கேட்கக் கூடாது. 10 ஹெர்ட்ஸ் என்றால் பாதியை ஒட்டித்தான் கேட்கலாம். இது தோராயக் கணக்கு. தங்கள் மோட்டாருக்கு அதன் தயாரிப்பாளர் தரும் அட்டவணையே முடிவு. அந்த அட்டவணையைப் பெயர்ப்பலகையிலேயே ஒரு வரியாகப் பொறித்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டிரைவ் விற்பவர்கள், "பம்புசெட்டில் வருஷக்கணக்காக 25 ஹெர்ட்ஸில் ஓடுகிறதே" என்று ஒரு சாட்சி காட்டுவார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது வேறு கதை. இம்பெல்லர் சுற்றும் பம்பிலும் ஊதுவிசிறியிலும், வேகம் பாதியானால் தேவைப்படும் விசை கால் பங்காகிவிடும். 20 ஹெர்ட்ஸில் அது ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். காற்று குறைவதைவிடச் சுமை வேகமாகக் குறைவதால் அங்கே மோட்டார் சூடேறுவதில்லை. செக்கு, மாவு பிசையும் இயந்திரம், நெல் எலிவேட்டர் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. பம்பைக் காட்டிச் செக்குக்கு டிரைவ் விற்பவரிடம், "என் சுமைக்கு 20 ஹெர்ட்ஸில் எட்டு மணி நேரம் தாங்கும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்; பேச்சு அதோடு நின்றுவிடும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பல டிரைவ்களில், மோட்டார் தன் விசிறியால் குளிர்வதா, தனி ஊதுவிசிறியால் குளிர்வதா என்று குறிக்கும் ஓர் அமைப்பு இருக்கும். அது சரியாக இருந்தால் குறைந்த வேகத்தில் டிரைவே கணக்குப் போட்டு ட்ரிப் ஆகும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று வாடிக்கையாளர் கூப்பிடுவாரே என்பதற்காக, சிலர் அதைத் தனி ஊதுவிசிறி என்று மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். தங்கள் டிரைவில் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து, எரிந்த காயிலை வைண்டிங் கடையில் கேட்டு வாங்கிப் பாருங்கள்: சுற்றிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால் அது சூட்டில் வெந்தது, சில சுருள்கள் மட்டும் கருகி மற்றவை புதிதுபோல் இருந்தால் ஒரு பேஸ் போயிருக்கிறது.

தங்களுக்கு மலிவான வழி புல்லியில் இருக்கிறது. மோட்டாரிலும் கியர்பாக்ஸிலும் 5 அங்குலப் புல்லி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் 12 அங்குலமாக மாற்றி மோட்டாரை 48 ஹெர்ட்ஸில் ஓட்டினால், செக்கு இப்போதைய அதே வேகத்தில் சுற்றும். மோட்டார் தர வேண்டிய விசையோ பாதிக்கும் கீழே வந்து, ஆம்ப்ஸ் 5-க்குள் அடங்கும். விசிறியும் முழுக்காற்று வீசும். மோட்டார் புல்லியைச் சிறிதாக்கி இதைச் செய்ய முயலாதீர்கள்; பெல்ட் வழுக்கும்.

புல்லிக்கு இடமில்லை என்றால், பின்னால் தனி ஊதுவிசிறி பொருத்துங்கள். அதற்கு மின்சாரம் நேராக மெயினிலிருந்து வர வேண்டும். டிரைவின் வெளிவயரிலிருந்து இழுத்தால் அதுவும் 20 ஹெர்ட்ஸில்தான் சுற்றும். அப்படி இணைத்திருந்த ஒரு மில்லை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த முறை காயில் கட்டும்போது, சூட்டை உணரும் தெர்மிஸ்டர்கள் மூன்றை, பேஸுக்கு ஒன்றாகத் தொடராக இணைத்துச் சுருளுக்குள் வைத்துக் கட்டச் சொல்லி, அவற்றிலிருந்து வெளிவரும் இரண்டு வயர்களை டிரைவின் தெர்மிஸ்டர் முனையில் இணைக்கச் சொல்லுங்கள்.